தலைப்பும் முதல் வரியும்: ஒரு காசிமேட்டுப் பாட்டு உருவான விதம்

கேள்வி: "நான் கானா பாட்டு எழுதுறேன். மெட்டு நல்லா வருது, சரணம்கூட வந்துடுது. ஆனா தலைப்பும் முதல் வரியும் மட்டும் யார் பாட்டுக்கு வேணா ஒட்டுற மாதிரி இருக்கு. கேட்டவுடனே கதை ஆரம்பிக்கணும்னா எப்படி எழுதணும்?"

பழைய கானாவுக்கு இந்தத் தொல்லை பெரிதாக இருந்ததில்லை. சாவு வீட்டில் இரவு முழுக்க உட்கார்ந்து பாடும்போது யார் போனார், யார் அழுகிறார், எந்தத் தெரு என்பதெல்லாம் பந்தலில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும். பாடகர் வாய் திறக்கும் முன்பே பாதிக் கதை அங்கே கிடக்கிறது. அதே பாட்டு செல்போனில் ஓடும்போது பந்தல் கிடையாது, ஒன்றும் கிடையாது. கேட்கிறவர் பஸ்ஸில் நின்றுகொண்டிருப்பார். பந்தல் செய்துகொடுத்த வேலையைத் தலைப்பும் முதல் வரியும்தான் செய்தாக வேண்டும்.

எப்படி என்று பொதுவாகச் சொல்வதைவிட, ஒரே பாட்டை எடுத்துப் பிரித்துக் காட்டுகிறேன். காசிமேட்டுத் தம்பி ஒருவர் கொண்டுவந்தது. நான் ராயபுரத்தில் இருப்பதால் இப்படி யாராவது நோட்டோடு வந்து உட்காருவது வழக்கம்தான். மீன்பிடித் தடைக்காலம் பற்றிய பாட்டு. தலைப்பு 'கடலம்மா'. முதல் வரி 'கடலே கடலே கருநீலக் கடலே'. பாட எடுப்பாக இருக்கிறது, மோனையும் இருக்கிறது. ஆனால் பாடுவது ஆணா பெண்ணா, யாரிடம், எந்த நாளில், என்ன நடந்துவிட்டது என்று எதுவும் தெரியவில்லை. இதன்கீழ் காதல் தோல்வியைப் போடலாம், சுனாமியைப் போடலாம், ஒரு அரசியல்வாதிக்கு வாழ்த்துக்கூடப் போடலாம். நீங்கள் சொல்கிற 'யார் பாட்டுக்கு வேணா ஒட்டுற' வரி இதுதான்.

சரணங்களுக்குள் போனால் நல்ல சரக்கு இருந்தது. விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது என்கிற தடை நம் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். அந்த நாட்களில் படகைக் கரையேற்றிப் பெயின்ட் அடிப்பது, வலை பொத்துவது, அடகு வைப்பது எல்லாவற்றையும் எழுதியிருந்தார். இரண்டாவது சரணத்தின் ஓரத்தில் ஒரு விஷயம் சும்மா எட்டிப் பார்த்தது: அப்பாவைக் கண்டால் அம்மாவின் பின்னால் ஒளிகிற பிள்ளை, தடை முடிகிற சமயத்தில் அவர் நெஞ்சின்மேலேயே தூங்குகிறது.

நான் அதைத்தான் பிடித்துக்கொண்டேன். தடைக்காலம் என்றால் கஷ்டம் என்று எல்லாரும் பாடுவார்கள். லாஞ்சு கடலுக்குப் போனால் திரும்ப வாரக்கணக்கில் ஆகிற வீட்டில், மனைவிக்குப் புருஷன் முழுசாகக் கிடைப்பது அந்த 61 நாள்தான். தடை முடிகிற ராத்திரி ஊருக்குக் கொண்டாட்டம், அவளுக்கு மட்டும் இல்லை. கதை அந்த ராத்திரியில் இருக்கிறது. ஆகவே பாடுவது அவள், கேட்பது அவன், நேரம் ஜூன் 14 இரவு. முதல் வரி எழுத உட்காரும் முன் இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதிவிடச் சொன்னேன். இது முடிவாகாமல் எழுதும் முதல் வரி, பெரும்பாலும் கடலையோ நிலவையோ கூப்பிடப் போய்விடும். ஆளைக் கூப்பிட ஆள் இல்லாததால் வருகிற பழக்கம் அது.

தலைப்பு 'அறுபத்தொண்ணு' என்று ஆனது. முதல் வரி:

நேத்து அறுபது மாமா, இன்னிக்கு அறுபத்தொண்ணு,
நாளைக்கு நீ ஏது?

தலைப்பு மட்டும் பார்த்தால் என்ன எண் என்று தெரியாது. வயசா, வீட்டு நம்பரா? அந்தச் சந்தேகம் நல்லது. முதல் வரி அதைப் பாதி தீர்க்கிறது. 'நேத்து, இன்னிக்கு' என்றதும் இது நாள் கணக்கு என்று புரிந்துவிடும். 'மாமா' என்ற ஒரே சொல்லில் பாடுவது யார், கேட்பது யார் என்ற இரண்டும் வந்துவிடுகிறது. 'நாளைக்கு நீ ஏது' என்பதில் சிக்கல் விழுகிறது. தடை எத்தனை நாள் என்றே தெரியாத கோயம்புத்தூர்க்காரருக்கும் யாரோ போகப் போகிறார் என்பது விளங்கும். காசிமேட்டுக்காரருக்கோ எண்ணைக் கேட்டவுடனே தேதியே தெரிந்துவிடும். ஊர்க்கணக்கைத் தலைப்பில் வைப்பதானால், அது தெரியாதவருக்கும் முதல் வரி தனியாக நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பல்லவியை இப்படி முடித்தோம்:

லாஞ்சுல ஐஸு ஏறுது, என் தொண்டையில
சோறு ஏறாது.

கடலுக்குப் புறப்படும் முன் படகில் ஐஸ் ஏற்றுவார்கள். ஆகவே அவன் எங்கே போகிறான் என்பதைச் சொல்லாமலே சொன்னதாயிற்று. 'பிரிவு', 'சோகம்' என்ற சொற்கள் எங்கும் இல்லை என்பதைக் கவனியுங்கள். முதலில் தம்பி 'பிரியாத மாமா' என்று தலைப்பு வைக்கலாமே என்றார். அதை வைத்தால் மூன்றாவது சரணத்தின் முடிவு தலைப்பிலேயே வந்துவிடும். முழுப்பாட்டையும் கேட்க அப்புறம் என்ன காரணம்?

இதற்குமேல்தான் பலர் தடுமாறுகிறார்கள். முதல் வரி பிடித்துவிட்டது என்ற சந்தோஷத்தில் சரணங்களைத் தன்பாட்டுக்கு எழுதிப் போய்விடுவார்கள். நான் செய்வது: பல்லவியை மட்டும் பாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒருவரிடம் சொல்லி, 'அடுத்து என்ன கேட்கத் தோணுது?' என்று விசாரிப்பது. நல்லா இருக்கா என்று கேட்கவே கூடாது, எல்லாரும் நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள். இந்தப் பல்லவிக்கு டீக்கடையில் கிடைத்த முதல் கேள்வி 'அது என்னப்பா அறுபத்தொண்ணு?' அடுத்தது, 'வேலை கிடைச்சு போறான், நல்ல சேதிதானே, இவ ஏன் அழறா?' அப்புறம், 'சரி, இப்ப அவ என்னதான் செய்யச் சொல்றா?' சரணங்களின் வரிசை இதுதான். முதல் சரணத்தில் தடையும் அடகும் வலையும். இரண்டாவதில் நெஞ்சின்மேல் தூங்கும் பிள்ளை. மூன்றாவதில் அவள் கேட்பது. ஓரத்தில் கிடந்த பிள்ளை நடுவுக்கு வந்துவிட்டது, பெயின்ட் அடிக்கிற நான்கு வரி வெளியே போய்விட்டது. தம்பிக்கு அந்த நான்கு வரிமேல் ஆசை. ஆனால் பல்லவி எழுப்பாத கேள்விக்குப் பதில் சொல்லும் வரி, எவ்வளவு அழகாக இருந்தாலும் கேட்பவருக்கு இழுவையாகத்தான் இருக்கும்.

நல்ல தலைப்பு திரும்பி வரும்போது அதன் அர்த்தம் கொஞ்சம் நகர்ந்திருக்க வேண்டும். ஒவ்வொரு சரணம் முடிந்தும் பல்லவிக்குத் திரும்புகிறோம். முதல் முறை திரும்பும்போது அறுபத்தொண்ணு என்பது பட்டினிக் கணக்கு. இரண்டாம் முறை அதே எண் வீட்டில் ஆள் இருந்த கணக்கு. மூன்றாம் சரணத்துக்கு ஒரு திருப்பம் தேவைப்பட்டது. அது அந்த எண்ணுக்குள்ளேயே இருந்தது:

ஊருக்கெல்லாம் அறுபதுல ஒருதரம் கல்யாணம்
நமக்கு மட்டும் அறுபத்தொண்ணுல வருசாவருசம் அவமானம்
கெழவனா ஆகி என்கூட குந்து மாமா

அறுபதாம் கல்யாணம்வரை கூட இரு என்கிறாள், அவ்வளவுதான். நடு வரியில் 'அவமானம்' இயைபுக்காக வந்து உட்கார்ந்த சொல் என்று எனக்கு இன்னும் உறுத்துகிறது. தம்பி விட்டுக்கொடுக்கவில்லை. இன்னொன்று: இந்தத் தடை முன்பு 45 நாளாக இருந்து, 2017-இல்தான் 61 நாளானது. அதற்கு முன் எழுதியிருந்தால் இந்தத் திருப்பமே கிடைத்திருக்காது. தலைப்பைத் தேடும்போது அந்த விஷயத்தின் சொந்த எண், தேதி, பொருள், வேலைச்சொல் இவற்றைத் துழாவச் சொல்வது இதனால்தான். 'கடலம்மா'வில் இப்படித் திருப்ப எதுவும் இல்லை.

அடுத்து ஓசை. 'அறுபத்தொண்ணு' என்பதில் 'அறு' இரண்டு குறில், வேகமாக ஓடிவிடும். கனம் 'பத்', 'தொண்' இரண்டிலும் இருக்கிறது. தத்தகாரத்தில் 'தன தன் தன் ன'. அப்படியானால் தாளத்தின் அடி 'பத்'தில் விழ வேண்டும், 'அறு' அடிக்கு முன்னாலேயே எடுத்துவிட வேண்டும். தம்பியின் முதல் மெட்டில் அடி 'அ'வில் விழுந்தது. பாடும்போது மிச்ச இடத்தை நிரப்ப அவரே அறியாமல் 'அறூபத்து' என்று இழுத்தார். எண்ணே காதில் விழவில்லை. எழுதியவர் காதுக்கு அது கேட்காது, வரி ஏற்கெனவே மனப்பாடமாக இருப்பதால். செல்போனில் பதிவு செய்து, வரியைப் படிக்காத ஒருவரைக் கேட்க வைத்து, காதில் விழுந்ததை எழுதச் சொல்லுங்கள். எழுதியது உங்கள் தலைப்பாக இல்லையென்றால் மெட்டையோ சொல்லையோ மாற்ற வேண்டியதுதான். மெட்டு முன்பே முடிவாகி, மாற்ற முடியாது என்றால், தலைப்புச் சொல்லை முதல் வரியில் வைத்தே தீர வேண்டும் என்று அடம்பிடிக்காமல் பல்லவியின் கடைசிக்குத் தள்ளுங்கள். அங்கே இழுக்க இடம் இருக்கும்.

இதெல்லாம் கதை சொல்லும் பாட்டுக்கு. ஆட்டத்துக்கென்று எழுதும் பாட்டில் முதல் வரிக்கு வாயில் ஒட்டுகிற சத்தம் போதும். அதில் போய் யார், யாரிடம், எப்போது என்று தேடினால் ஆட்டம் நின்றுவிடும்.

நம் ஊரில் பாட்டைத் தலைப்பு சொல்லிக் கேட்பவர்கள் குறைவு, முதல் வரியைப் பாடித்தான் 'அந்தப் பாட்டு போடு' என்பார்கள். அதனால் யூடியூபில் ஏற்றும்போது தலைப்பையும் முதல் வரியையும் சேர்த்தே போடுங்கள்: 'அறுபத்தொண்ணு | நேத்து அறுபது மாமா'. போன் திரையில் நீளமான தலைப்பின் வால் வெட்டுப்படும், எனவே பாடகர் பெயர், 'புது கானா' போன்றவை கடைசியில் வரட்டும். கீழே விளக்கத்தில் 'மீனவப் பெண்ணின் கண்ணீர்க் கதை' என்று தம்பி எழுதி வைத்திருந்தார். அதை எடுக்கச் சொல்லிவிட்டு, முன்னிசையையும் பாதியாகக் குறைக்கச் சொன்னேன்.