ஜார்ஜியா வேண்டாம், தியேட்டருக்கு அனுப்புங்கள்

போன செவ்வாய்க்கிழமை சேலம் சிவதாபுரத்திலிருந்து ஒரு குடும்பம் மேற்படிப்புக்கு ஆலோசனை கேட்டு என்னிடம் வந்திருந்தது. அப்பா கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர். கூடவே மனைவி, மகன், மனைவியின் தம்பி. பையன் பிளஸ் டூவில் 512 எடுத்திருக்கிறான். நீட் இரண்டு தடவை எழுதியும் கிடைக்கவில்லை. மாமன்காரர் உட்கார்ந்ததுமே ஜார்ஜியா மருத்துவக் கல்லூரி ஒன்றின் பளபள நோட்டீஸை என் மேஜையில் விரித்தார். "ஆறு வருஷத்துக்கு எல்லாம் சேர்த்து 34 லட்சம்தாங்க. கொண்டலாம்பட்டி மனைய குடுத்தா பாதி வந்துரும். மீதிக்கு பட்டறைய வச்சு லோன். நம்ம சொந்தத்துல ஒரு டாக்டர் வேண்டாமுங்களா?"

வந்த உடனே பயத்தைக் கூட்டக் கூடாது என்று முதல் பத்து நிமிடம் ஆறுதலாகத்தான் பேசினேன். மனை, லோன் என்றதும் அந்தப் பேச்சை நிறுத்திவிட்டேன்.

அந்த நோட்டீஸில் இல்லாத கணக்கு ஒன்று உண்டு. வெளிநாட்டில் படித்து வருபவர்கள் இங்கே எஃப்.எம்.ஜி.இ. தேர்வில் தேற வேண்டும். சமீப வருடங்களில் பெரும்பாலான தடவை, எழுதியவர்களில் மூன்றில் ஒரு பங்கு பேர்கூடத் தேறவில்லை. தேறிய பிறகும் இங்கே 12 மாதம் பயிற்சி மருத்துவராக இருக்க வேண்டும். 19 வயதுப் பையன் எல்லாம் ஒழுங்காக நடந்தாலே 27 வயதில்தான் சம்பளம் பார்ப்பான். ஒழுங்காக நடக்காவிட்டால் மனையும் இல்லை, பட்டறையும் இல்லை, கையில் இந்தியாவில் செல்லாத ஒரு பட்டம். "இதுல பையன் டாக்டர் ஆகறதுக்கு முன்னாடி நீங்க பட்டறைய மூடறதுதாங்க நிச்சயம்" என்றேன். மாமாவுக்குப் பிடிக்கவில்லை. பரவாயில்லை, மனை அவருடையது இல்லையே.

பையன் அதுவரை வாயே திறக்கவில்லை. பட்டறையில் உனக்கு என்ன வேலை என்று கேட்டேன்.

"சாயங்கால எடை நாந்தாங்க சார் போடுவேன். காலைல ஆளுக்கு எவ்வளவு வெள்ளி குடுத்தோம்னு நோட்டுல இருக்கும். முடிஞ்ச சாமான், மிச்சம், பொடி எல்லாம் எடை போட்டு சேதாரத்த கழிச்சா ரெண்டும் ஒத்து வரணும்."

"ஒத்து வரலைன்னா?"

"தரையக் கூட்டி, மணைக்கு அடில பாத்து, துணிய உதறி... கிடைக்கற வரைக்கும் யாரும் வீட்டுக்குப் போக மாட்டாங்க."

ஆபரேஷன் தியேட்டர் டெக்னீசியன் படிப்பைப் பற்றி நான் பேச ஆரம்பித்தது இந்தப் பதிலைக் கேட்ட பிறகுதான். நர்சிங், பார்மசி, லேப் டெக்னீசியன் எல்லாம் அவர்களுக்கே தெரியும், அதையெல்லாம் நான் எடுக்கவே இல்லை. தியேட்டர் டெக்னீசியன் என்றதும் அம்மா, "ட்ராலி தள்ளற வேலைங்களா?" என்றார். பாதிப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

காலை எட்டு மணிக்கு அறுவை என்றால் டெக்னீசியன் ஏழு மணிக்கு முன்பே உள்ளே இருப்பார். முதலில் மயக்க மருந்து மெஷின். குழாயில் வரும் ஆக்சிஜன் அழுத்தம் நான்கு பார் அளவில் நிற்கிறதா, அது நின்றுபோனால் மாற்று சிலிண்டர் நிறைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு கசிவுச் சோதனை. நோயாளியோடு இணையும் முனையை விரலால் அடைத்து, வால்வை மூடி, 30 சென்டிமீட்டர் நீரழுத்தம் வரை ஆக்சிஜனை நிரப்பிவிட்டு முள்ளையே பார்த்துக்கொண்டு நிற்பார். பத்து வினாடி முள் இறங்காமல் நின்றால் சரி. இறங்கினால் எங்கோ ஒரு குழாய் தளர்வாக இருக்கிறது அல்லது பை கிழிந்திருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் மயக்கம் கொடுக்க விடக் கூடாது.

அடுத்தது கருவிப் பொட்டலங்கள். நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் வைத்து எடுத்த பொட்டலத்தின் மேல் ஒட்டிய டேப்பில் கோடுகள் கறுத்திருக்கும். புதிதாக வருகிறவர்கள் அதைப் பார்த்ததும் சுத்தமாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். பொட்டலம் ஆட்டோகிளேவுக்குள் போய் வந்தது என்பதைத் தாண்டி அந்தக் கோடு ஒன்றும் சொல்வதில்லை. நீராவி உள்ளே வரை போனதா என்பதை பொட்டலத்தின் நடுவில் வைத்த, நிறம் மாறும் பட்டையைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். பொட்டலம் ஈரமாக வெளியே வந்தால், எல்லாக் கோடும் கறுத்திருந்தாலும், திருப்பி அனுப்ப வேண்டியதுதான்.

நான் அவர்களுக்கு விரிவாகச் சொன்னது எண்ணிக்கையைப் பற்றித்தான். வயிற்று அறுவையில் ரத்தத்தை ஒற்றி எடுக்கும் துணிக்கு மாப் என்று பெயர். பெரும்பாலும் ஐந்து ஐந்தாகக் கட்டி வரும். வெட்டுவதற்கு முன்பு ஒரு தடவை, வயிற்றை மூடும் முன்பு ஒரு தடவை, தோலைத் தைக்கும்போது ஒரு தடவை, இரண்டு பேர் சேர்ந்து வாய்விட்டு எண்ண வேண்டும். ஒரு கட்டில் ஐந்துக்கு நான்குதான் இருந்தால் ‘நாலு’ என்று எழுதிச் சமாளிக்கக் கூடாது. அந்தக் கட்டையே எண்ணிக்கையில் சேர்க்காமல் அப்புறப்படுத்திவிட வேண்டும். பெரிய மருத்துவமனைகளில் இது நர்சுகளின் பொறுப்பு. சேலத்தின் இருபது, முப்பது படுக்கை மருத்துவமனைகளில் எண்ணும் இருவரில் ஒருவர் பெரும்பாலும் டெக்னீசியன்தான்.

என்னிடம் ஆலோசனை கேட்டுப் போய் இந்தப் படிப்பை முடித்த ஒரு பெண் சொன்னது இது. இரவு ஒரு மணிக்கு ஓர் அவசர வயிற்று அறுவை. இப்படி அவசரமாகச் செய்யும் அறுவைகளில்தான் துணி உள்ளே தங்கிப்போவது அதிகம். மூடும் முன்பு எண்ணினால் 25 இருக்க வேண்டிய இடத்தில் 24. வாளி, தரை, போர்த்திய துணியின் மடிப்பு எல்லாம் தேடியாயிற்று. சர்ஜன் களைப்பில் "எண்ணினது தப்பா இருக்கும், மூடிடலாம்" என்கிறார். வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதமே ஆன இவள், "சார், ஒரு படம் எடுத்துட்டு மூடலாம்" என்று நகராமல் நின்றிருக்கிறாள். மாப்பில் எக்ஸ்ரேயில் தெரியும் நூல் ஒன்றைச் சேர்த்தே நெய்திருப்பார்கள், இப்படிப்பட்ட நேரத்துக்காகத்தான். சி-ஆர்ம் என்ற நகரும் எக்ஸ்ரே கருவியைக் கொண்டுவந்து பார்த்தால் இடது விலாவுக்கு அடியில் அந்த நூல் சுருண்டு கிடந்திருக்கிறது. உள்ளே தங்கியிருந்தால் சீழ் பிடித்து இரண்டாவது அறுவைக்கு வந்திருக்கும்.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த பையன், "தரையக் கூட்டற மாதிரிதான சார்" என்றான். அவன் அப்பா அப்போதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

வேலை கிடைக்குமா என்று கேட்டார். சேலத்தில் பல சிறு மருத்துவமனைகளுக்குச் சொந்தமாக சர்ஜன் கிடையாது. ஒரே சர்ஜன் காலையில் ஃபேர்லேண்ட்ஸ், மதியம் அம்மாப்பேட்டை, சாயங்காலம் ஓமலூர் என்று காரில் சுற்றுவார். மயக்க மருந்து டாக்டரும் அப்படித்தான். தியேட்டரோ அங்கேயே இருக்கிறது, அதைத் தயாராக வைத்திருக்கும் ஆளும் அங்கேயேதான் இருந்தாக வேண்டும், ராத்திரி ஷிஃப்டுக்கு இன்னொருவர். பெங்களூர் சாலையிலும் சென்னைச் சாலையிலும் நடக்கும் விபத்துகளால் எலும்பு அறுவைக்கு ஓய்வே இல்லை. முதல்வர் காப்பீட்டுத் திட்டம் வந்த பிறகு ஆத்தூர், நாமக்கல் பக்கச் சிறு ஊர்களிலும் அறுவைகள் நடக்கின்றன. ஆள் தேவை குறையாததற்கு இவைதான் காரணம். சம்பளத்தையும் மறைக்கவில்லை. தனியாரில் ஆரம்பத்தில் 12,000, 15,000 என்றுதான் பிள்ளைகள் சொல்கிறார்கள். இரண்டு மூன்று வருடத்தில் மயக்க மருந்துப் பக்கமும் இதய அறுவைப் பக்கமும் கை பழகியவர்களுக்குத்தான் அது ஏறுகிறது. மருந்தை எவ்வளவு கொடுப்பது என்று முடிவு செய்யும் உரிமை எந்த அனுபவத்திலும் வராது, அது டாக்டருடையது. இதையும் பையனிடம் சொல்லிவிட்டேன்.

அம்மாவுக்கு எக்ஸ்ரே, ஸ்கேன் படிப்பு கௌரவமாகத் தெரிந்தது. அதுவும் நல்ல படிப்புதான். கதிர்வீச்சுப் பயம்தான் தடை என்றால் அதை விட்டுவிடலாம். வேலை செய்பவர் சட்டையில் குத்தும் பேட்ஜில் பதிவாகும் கதிர்வீச்சு ஒவ்வொரு மூன்று மாதமும் அளவெடுக்கப்படுகிறது, எம்.ஆர்.ஐ.யில் எக்ஸ்ரே கதிரே கிடையாது. நான் எச்சரிப்பது வேறு ஒன்றை. ‘ஆறு மாதத்தில் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் டெக்னீசியன்’ என்று விளம்பரம் பார்த்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். கருவின் பாலினத் தேர்வைத் தடுக்கும் 1994ஆம் வருடச் சட்டத்தின்படி, கர்ப்பிணிக்கு அல்ட்ராசவுண்ட் பார்க்கத் தகுதி பெற்ற டாக்டருக்கு மட்டும்தான் அனுமதி. டெக்னீசியன் தனியாகச் செய்தால் பிள்ளை மேல் வழக்கு வரும்.

எந்தப் படிப்பில் சேர்வது என்பதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்சி. ஆபரேஷன் தியேட்டர் அண்ட் அனஸ்தீசியா டெக்னாலஜிதான் என் முதல் தேர்வு. மூன்று வருடம் படிப்பு, ஒரு வருடம் பயிற்சி. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் வேண்டும், சேர்க்கை பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்து. நான்கு வருடம் தாங்காத வீடென்றால் ஓராண்டு தியேட்டர் டெக்னீசியன் சான்றிதழ் உண்டு, ஆனால் அதை அரசு மருத்துவக் கல்லூரியில் மட்டும் படியுங்கள். அரசுப் பணிக்கு ஆள் எடுக்கும்போது மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் படிப்பின் பெயரையும் அதை நடத்திய இடத்தையும் பார்த்துத்தான் விண்ணப்பத்தை ஏற்கும். அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. 2021இல் வந்த, துணை மருத்துவத் துறைகளுக்கான தேசிய ஆணையச் சட்டம், இத்துறையில் ‘நிபுணர்’ என்று பதிவு செய்யக் குறைந்தது இரண்டு வருடமும் 2,000 மணி நேரமும் படித்திருக்க வேண்டும் என்கிறது. ஓராண்டுச் சான்றிதழ் இன்று வேலை வாங்கித் தரும். பத்து வருடம் கழித்து அதை வைத்து மேலே போக முடியுமா என்றால் என்னால் உறுதி சொல்ல முடியாது. பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் கடை மாடியில் நடக்கும் பாரா மெடிக்கல் நிறுவனத்துக்கு 60,000 கட்டுவது அதைவிட மோசம். சேரப் போகும் இடத்தில் சொந்த மருத்துவமனை இருக்கிறதா, அதில் எத்தனை தியேட்டர், போன வாரம் எத்தனை பெரிய அறுவை நடந்தது என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள்.

மாமா கடைசியாக, "சொந்தக்காரங்க கேட்டா என்னன்னு சொல்றது?" என்றார். அக்கா அவரைப் பார்த்த பார்வைக்கு மேல் நான் எதுவும் சேர்க்கவில்லை.

நாளைக் காலை பையனை எனக்குத் தெரிந்த மருத்துவமனை ஒன்றின் ஸ்டெரிலைசேஷன் அறைக்கு அனுப்புகிறேன். நோயாளிகள் இல்லாத இடம் அது, அனுமதி வாங்கியாகிவிட்டது. ரத்தம் காய்ந்த கருவிகள் கழுவ வரும், நீராவிச் சூடு இருக்கும், நான்கு மணி நேரம் உட்கார நாற்காலி இருக்காது. அதைத் தாங்கிவிட்டு மதியம் என்ன சொல்கிறான் என்று பார்த்துத்தான் விண்ணப்பம். அவன் அம்மாவிடம் ஒன்று மட்டும் சொல்லி அனுப்பினேன்: காலையில் நாலு இட்லியாவது சாப்பிட வைத்து அனுப்புங்கள், வெறும் வயிற்றோடு வருகிறவர்கள்தான் அங்கே மயங்கி விழுகிறார்கள்.