மூன்று வருட வேலை இடைவெளியை மூன்று வரியில் சொல்லுங்கள்

ஈரோட்டிலிருந்து ஒரு அப்பா, வேலை விஷயமாக ஆலோசனை கேட்டு மகளோடு என்னிடம் வந்திருந்தார். மகள் பி.காம். படித்து ஐந்து வருடம் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவர். அம்மாவுக்குப் பக்கவாதம் வந்ததும் 2022 ஜூனில் வேலையை விட்டார். மூன்று வருடம் கூடவே இருந்து பார்த்துக்கொண்டார். அம்மா இப்போது தானாக எழுந்து நடக்கிறார். மகளுக்கு மறுபடி வேலை கிடைக்குமா என்று அப்பாவுக்குத்தான் தூக்கமில்லை.

"கவலைப்படாதீங்க ஐயா" என்று ஆரம்பித்தேன். அதற்குள் அவர் இரண்டு யோசனைகளைச் சொன்னார். ஏழு லட்சம் கடன் வாங்கி எம்.பி.ஏ. சேர்ப்பது ஒன்று. தாய்மாமா தெரிந்த கம்பெனியில் அனுபவச் சான்றிதழ் வாங்கித் தருவது இன்னொன்று. இரண்டும் வேண்டவே வேண்டாம் என்றேன்.

வேலைக்கு எடுக்கும் முன் பல நிறுவனங்கள் பி.எஃப். கணக்கின் சேவை விவரத்தைக் கேட்கும். எங்கே, எந்தத் தேதி சேர்ந்தார், எப்போது விலகினார் என்று அதில் இருக்கும். அங்கே இல்லாத வேலைக்குச் சம்பளச் சீட்டும் வங்கிக் கணக்கு விவரமும் கேட்பார்கள். பொய் என்று தெரிந்தால், சேர்ந்த பிறகும் வேலை போய்விடும். எம்.பி.ஏ. அந்த மூன்று வருடத்தை அழிக்காது, கடனைத்தான் சேர்க்கும். அந்தப் பெண்ணோ, "எனக்கு மறுபடி கணக்குதான் சார் பார்க்கணும்" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டார். அதற்குமேல் என்ன பேச்சு?

லிங்க்ட்இன்னில் 2022 முதல் வேலை இடைவெளிக்கென்றே ஓர் இடம் இருக்கிறது. Add profile section-க்குள் Core, அதில் Add career break, வகையில் Caregiving. வேலைகளின் வரிசையிலேயே அது தேதியோடு வந்து நிற்கும். யாரும் தோண்டிக் கேட்க வேண்டியதில்லை.

மகள் முதலில் எழுதியிருந்தது: "தவிர்க்க முடியாத குடும்பச் சூழ்நிலையால், எனக்கு விருப்பமில்லாமலேயே வேலையை விட நேர்ந்தது. ஆனாலும் என் திறமை குறையவில்லை." அப்புறம் ஐந்து வரிக்கு அம்மாவின் நோய். குறையவில்லை என்று நாமே சொன்னால், குறைந்திருக்குமோ என்று படிப்பவருக்குத் தோன்றும். நோய் விவரம் அம்மாவின் சொந்த விஷயம், அதையும் எடுக்கச் சொன்னேன்.

மாற்றி எழுதியது இது: "2022 ஜூன் முதல் 2025 ஜூலை வரை அம்மாவை முழுநேரமும் கவனித்துக்கொண்டேன். 2024 முதல் ஒரு மளிகைக் கடைக்கு மாதாமாதம் GSTR-1, GSTR-3B தாக்கல் செய்தேன். இப்போது முழுநேர வேலைக்குத் தயார்."

இரண்டாவது வரி பேசிப் பேசித்தான் கிடைத்தது. பக்கத்துக் கடைக்காரருக்கு ஜி.எஸ்.டி. கணக்குத் தாக்கல் செய்து கொடுத்ததை அவர் ஒரு வேலையாகவே நினைக்கவில்லை! அப்படி எதுவும் இல்லாதவர்கள் அந்த வரியை விட்டுவிடலாம். வீட்டைப் பார்த்துக்கொண்டதை 'நிர்வாக மேலாளர்' என்று பட்டம் கட்டி எழுத வேண்டாம்.

நேர்காணலில் உண்மையான சந்தேகம் ஒன்றுதான்: மறுபடி போய்விடுவாரா? அதற்கும் பதிலைத் தயார் செய்தோம். "பகலில் அத்தை கூட இருக்கிறார். பிசியோதெரபி சனிக்கிழமை மட்டும்தான், அதற்கு அப்பா கூட்டிப் போவார்."

அப்பா அதைக் கேட்டுத் தலையாட்டினார். சனிக்கிழமை அவர் பொறுப்பு என்பது அப்போதுதான் முடிவானது.