குறுவையும் சம்பாவும் ஏன் அருகில் வந்தன?

வணக்கம் ஐயா. டெல்டா மாவட்ட வேளாண் செய்திகளைத் திரட்டி, சொற்களை எண் வரிசைகளாக மாற்றும் gensim என்ற பைத்தான் நிரலில் ஸ்கிப்-கிராம் முறையை ஓட்டினேன். 'குறுவை'க்கு மிக அருகில் 'சம்பா' வருகிறது. செய்திகளில் அவை இரண்டும் ஒரே வரியில் வருவது குறைவுதான். குறுவையோடு அடிக்கடி வருவது 'அறுவடை'. அதுவோ பட்டியலில் எங்கோ கீழே கிடக்கிறது. சேர்ந்து வரும் சொற்களைத்தானே இந்த முறை ஒன்றாக இழுக்கிறது? நெகட்டிவ் சாம்ப்ளிங்குக்கு இதில் என்ன வேலை? இன்னொன்று: அதே கோப்பைத் தன் கணினியில் ஓட்டிய என் தங்கைக்கு 'குறுவை' என்ற சொல்லே இல்லை என்று பிழை வருகிறது.

– ஒரு வாசகர், மன்னார்குடி

அன்புள்ள நண்பருக்கு,

ஸ்கிப்-கிராம், நடுவில் நிற்கும் சொல்லை வைத்து அக்கம்பக்கச் சொற்களைக் கணிக்கப் பழகும் முறை. அதில் ஒரு சொல்லுக்கு இரண்டு வெக்டர்கள், அதாவது எண் வரிசைகள், உண்டு. சொல் நடுவில் நிற்கும்போது ஒன்று, வேறொரு சொல்லுக்கு அக்கம்பக்கமாக நிற்கும்போது இன்னொன்று. முதலாவதை மைய வெக்டர் என்றும் இரண்டாவதைச் சூழல் வெக்டர் என்றும் வைத்துக்கொள்வோம். "குறுவை அறுவடை தொடங்கியது" என்ற வரியைப் படிக்கும்போது குறுவையின் மைய வெக்டரும் அறுவடையின் சூழல் வெக்டரும்தான் ஒன்றையொன்று நோக்கி நகர்கின்றன. அறுவடையின் மைய வெக்டர் அந்த அடியில் அசைவதே இல்லை. பயிற்சி முடிந்து `most_similar` கேட்கும்போது gensim மைய வெக்டர்களை மட்டுமே ஒப்பிடுகிறது. நீங்கள் எதிர்பார்த்த இழுப்பு உண்மையில் நடந்திருக்கிறது. ஆனால் அது நீங்கள் பார்க்காத அட்டவணையோடு நடந்திருக்கிறது.

இப்போது சம்பாவைப் பாருங்கள். "சம்பா அறுவடை" என்று வரும் இடத்தில் சம்பாவின் மைய வெக்டரும் அதே அறுவடைச் சூழல் வெக்டரை நோக்கி நகர்கிறது. ஒரே வாய்க்காலில் தண்ணீர் வாங்கும் இரண்டு வயல்கள் அடுத்தடுத்து இருக்க வேண்டியதில்லை. வாய்க்காலில் தண்ணீர் ஏறினால் இரண்டிலும் ஏறும்.

சிறு கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். இரண்டே எண்கள் கொண்ட வெக்டர்கள் என்று வையுங்கள். குறுவை (0.1, 0.2), சம்பா (−0.2, 0.1). இவை ஒன்றுக்கொன்று செங்குத்து, திசை ஒற்றுமையை அளக்கும் கோசைன் 0. அறுவடையின் சூழல் வெக்டர் (1, 0). எண்களை இடத்துக்கு இடம் பெருக்கிக் கூட்டினால் கிடைப்பது டாட் ப்ராடக்ட்; குறுவையோடு அது 0.1. எந்த எண்ணையும் 0-க்கும் 1-க்கும் இடையில் கொண்டுவரும் சிக்மாய்டில் அதைப் போட்டால் 0.525 வரும். உண்மையில் சேர்ந்து வந்த ஜோடி என்பதால் விடை 1 ஆக இருந்திருக்க வேண்டும், பிழை 0.475. கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகக் கற்றல் வீதத்தை 0.5 என்று பெரிதாக எடுத்தால், குறுவை 0.5 × 0.475 அளவுக்கு அறுவடையின் திசையில் நகர்ந்து (0.34, 0.2) ஆகிறது. சம்பாவுக்கு டாட் ப்ராடக்ட் −0.2, சிக்மாய்டு 0.45, பிழை 0.55. அது (0.075, 0.1) ஆகிறது. இப்போது இரண்டுக்கும் இடையிலான கோசைன் சுமார் 0.92. குறுவையும் சம்பாவும் ஒரு முறைகூடச் சந்திக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். சூழல் வெக்டரும் ஒவ்வொரு அடியிலும் சிறிது நகரும். கணக்கு எளிதாக இருக்க அதை விட்டுவிட்டேன்.

இழுப்பு மட்டுமே இருந்தால் இந்த முறை கெட்டுப்போகும். எல்லாச் சொற்களும் எல்லாச் சூழல்களும் ஒரே திசையில் போய்க் குவிந்துவிட்டால், எந்த ஜோடிக்கும் சிக்மாய்டு 1-ஐ நெருங்கும், பிழையும் பூஜ்யத்தை நெருங்கும். கணினிக்கு அது முழு வெற்றி, நமக்கு அதில் ஒன்றும் இல்லை. இங்கே அதைத் தடுப்பது, 2013-இல் கூகுளில் மிகோலோவ் குழுவினர் ஸ்கிப்-கிராம் அடங்கிய word2vec-இல் சேர்த்த நெகட்டிவ் சாம்ப்ளிங். உண்மையான ஒவ்வொரு ஜோடிக்கும், சொல் தொகுதியிலிருந்து k சொற்களைக் குலுக்கல் முறையில் எடுத்து, "இவை குறுவையின் அருகில் வரவில்லை" என்று சொல்லித் தள்ளிவிடுவது. gensim-இல் k-இன் இயல்பு மதிப்பு 5.

தள்ளுவதன் பயன் அதோடு முடியவில்லை. எவ்வளவு தூரம் இழுப்பது என்பதையும் அதுவே தீர்மானிக்கிறது. உங்கள் தொகுப்பில் மொத்தம் 10,00,000 ஜோடிகள் இருப்பதாகக் கொள்வோம். அவற்றில் குறுவை மையமாக இருப்பவை 2,000. அறுவடை சூழலாக இருப்பவை 5,000, அதாவது நூற்றுக்கு அரை. இரண்டும் சேர்ந்தவை 200. குறுவையின் 2,000 ஜோடிகளுக்கு 5 வீதம் 10,000 குலுக்கல்கள் நடக்கும். அதில் அரை சதவீதம், அதாவது 50 முறை, அறுவடையே நெகட்டிவாக வந்து விழும். ஆக இந்த இரண்டு வெக்டர்களும் 200 முறை இழுக்கப்பட்டு 50 முறை தள்ளப்படுகின்றன. இரண்டும் சமனாகும் இடம் சிக்மாய்டு 200/250 = 0.8, அதாவது டாட் ப்ராடக்ட் சுமார் 1.4.

சம்பா மும்மடங்கு அதிகம் எழுதப்படும் சொல் என்று வையுங்கள். 6,000 ஜோடிகள், அறுவடையோடு 600. நெகட்டிவாக அறுவடை 150 முறை வரும். 600/750, அதுவும் 0.8. சொல் எத்தனை முறை வந்தது என்பது கழிந்துபோய், அதன் பழக்கம் மட்டும் எஞ்சுகிறது. 'என்று' போல எங்கும் வரும் சொல்லை எடுத்தால், அது மொத்தத்தில் 5 சதவீதம் என்றால் குறுவையோடும் 5 சதவீதம்தான் வரும்: 100 இழுப்பு, 500 தள்ளல், ஆறில் ஒரு பங்கு. சம்பாவுக்கும், கோயிலுக்கும், பேருந்துக்கும் 'என்று' சூழலில் அதே ஆறில் ஒன்றுதான். எனவே அது எந்தச் சொல்லையும் இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டாது. உண்மையான நிரல், குலுக்கலில் சொல்லின் எண்ணிக்கையை அப்படியே எடுக்காமல் 0.75 அடுக்குக்கு உயர்த்தி எடுக்கிறது. அரிய சொற்களுக்குக் கொஞ்சம் கூடுதல் வாய்ப்பு கிடைக்கும். மேலே உள்ள எண்கள் அதனால் சற்று மாறும், போக்கு மாறாது.

இப்போது உங்கள் கேள்விக்கு விடை கைக்கு வந்துவிட்டது. ஒவ்வொரு சூழல் சொல்லும் மைய வெக்டருக்கு ஒரு சமன்பாடு: அறுவடையோடு டாட் ப்ராடக்ட் 1.4 ஆக இரு, நடவோடு இவ்வளவு, 'என்று'வோடு இவ்வளவு. 100 எண்கள் கொண்ட வெக்டருக்குப் பல ஆயிரம் சமன்பாடுகள். எல்லாவற்றையும் சரியாக நிறைவேற்ற முடியாது, ஒரு சமரசத்தில் நிற்கும். குறுவைக்கும் சம்பாவுக்கும் பெரும்பாலான சமன்பாடுகள் ஒன்றே என்பதால் சமரசமும் ஏறக்குறைய ஒரே இடத்தில் அமைகிறது. அறுவடையின் மைய வெக்டருக்கோ வேறு சமன்பாடுகள்: இயந்திரம், கூலி, ஈரப்பதம், கொள்முதல். இந்தச் சமநிலைப் புள்ளியைக் கணித வடிவில் 2014-இல் காட்டியவர்கள் ஓமர் லெவியும் யோவ் கோல்ட்பெர்க்கும். எதேச்சையாக எதிர்பார்ப்பதைவிட ஒரு ஜோடி எத்தனை மடங்கு அதிகம் வருகிறது என்பதன் லாகரிதத்திலிருந்து k-இன் லாகரிதத்தைக் கழித்தால் கிடைப்பதுதான் அந்த டாட் ப்ராடக்ட். நம் கணக்கில் 20 மடங்கு: 3.0 கழித்தல் 1.6.

மிஞ்சும் வேறுபாடுகள்தான் குறுவையையும் சம்பாவையும் ஒன்றாகிவிடாமல் வைக்கின்றன. குறுவைக்கு அருகில் ஜூன் 12-உம் மேட்டூர் அணைத் திறப்பும் வரும், சம்பாவுக்கு வடகிழக்குப் பருவமழையும் பொங்கலும் வரும். தாளடி குறுவைக்குப் பின் அதே வயலில் போடுவது, சம்பாவைப் போலவே பருவமழையில் வளர்வது. அதனால் அது சம்பாவின் பக்கம் சாயும் என்று எதிர்பார்க்கலாம். ஆனால் "சம்பா, தாளடி பயிர்கள்" என்று செய்திகளில் சேர்த்தே எழுதுவதும் பழக்கம். அந்த நெருக்கம் எதனால் வந்தது என்று பிரித்துச் சொல்வது கடினம். கலப்பில்லாத சோதனை வேண்டுமென்றால் 'தஞ்சை', 'தஞ்சாவூர்' இரண்டையும் ஒப்பிடுங்கள். பக்கத்தில் பக்கத்தில் யாரும் இரண்டையும் எழுதுவதில்லை.

இரண்டு அட்டவணைகளையும் நேரில் பார்க்க இது போதும்:

```python
v = model.wv["குறுவை"]
i = model.wv.key_to_index["அறுவடை"]
print(v @ model.syn1neg[i])
print(model.wv.similarity("குறுவை", "அறுவடை"))
```

முதல் எண், குறுவையின் மைய வெக்டருக்கும் அறுவடையின் சூழல் வெக்டருக்கும் உள்ள டாட் ப்ராடக்ட். அதைத் தனியாக வைத்துப் பார்க்காமல், `i`-இல் தொடர்பில்லாத நாலைந்து சொற்களைப் போட்டு வரும் எண்களோடு ஒப்பிடுங்கள். அறுவடை தெளிவாக மேலே நிற்க வேண்டும். மாதிரியை உருவாக்கும்போது `sg=1` கொடுத்தீர்களா என்றும் பாருங்கள். கொடுக்காவிட்டால் gensim ஸ்கிப்-கிராமை அல்ல, சூழலிலிருந்து நடுச்சொல்லைக் கணிக்கும் CBOW-வை ஓட்டும்.

பட்டியலை நம்புவதற்கு முன் ஒரு சோதனையை அவசியம் செய்யுங்கள். குறுவை வரும் வரிகளில் பாதியைக் குலுக்கலில் தேர்ந்து, அவற்றில் மட்டும் அந்தச் சொல்லை 'குறுவை_2' என்று மாற்றிப் பயிற்சியைத் திரும்ப ஓட்டுங்கள். பொருளில் முழுக்க ஒன்றான, ஆனால் ஒருபோதும் சந்திக்காத இரண்டு சொற்கள் கிடைக்கும். அவற்றின் கோசைன்தான் உங்கள் தரவு தரக்கூடிய நெருக்கத்தின் உச்சவரம்பு. அது 0.6 என்று வந்தால், அந்தச் சொல்லுக்குப் போதிய வரிகள் இல்லை. மாறாக, தொடர்பே இல்லாத சொற்களுக்கும் 0.95-க்கு மேல் வந்தால் பயிற்சி போதவில்லை. சிறு தொகுப்பில் எல்லா வெக்டர்களும் சேர்ந்து ஒரே பக்கம் நகர்ந்திருக்கும், பிரிவதற்கு நேரம் கிடைத்திருக்காது. தொகுப்பை எத்தனை முறை படிப்பது என்று சொல்லும் `epochs` இயல்பாக 5; அதை 20, 30 என்று உயர்த்துங்கள்.

தங்கையின் பிழைக்குக் காரணம் அநேகமாக gensim-இன் `simple_preprocess`. அது பைத்தானின் `\w`-ஐ வைத்துச் சொற்களைப் பிரிக்கிறது. பைத்தானின் `re`-க்குத் தமிழின் புள்ளியும் துணையெழுத்துகளும் எழுத்துகள் அல்ல, அந்த இடங்களில் வெட்டிவிடும். குறுவை க, ற, வ என்று உதிரும். இரண்டு எழுத்துக்குக் குறைந்த துண்டுகளை அது வீசிவிடுவதால் சொல் முழுவதும் மறையும். அறுவடை 'அற', 'வட' என்று இரண்டு போலிச் சொற்களாகும், 'சம்பா' வெறும் 'சம' ஆகும். பிழைச் செய்தி வந்ததே நல்லது. 'வட' என்று தேடியிருந்தால் ஏதோ ஒரு பட்டியல் வந்திருக்கும். இடைவெளியில் `split()` செய்து, நிறுத்தக்குறிகளை முனைகளில் மட்டும் நீக்கினால் சரியாகும்.

அப்படிச் செய்தபின் 'குறுவைக்கு' என்பதன் அருகில் 'குறுவை'யைவிட 'சம்பாவுக்கு' முன்னால் நிற்கலாம். அது பிழை அல்ல. "குறுவைக்கு" என்றாலும் "சம்பாவுக்கு" என்றாலும் அடுத்து வருவது தண்ணீர், உரம், காப்பீடு. வேற்றுமை உருபு தன் சூழலைத் தானே கொண்டுவருகிறது. அதே காரணத்தால் 'வெள்ள'மும் 'வறட்சி'யும் அருகருகே வரும். இரண்டின் சூழலிலும் பாதிப்பு, நிவாரணம், இழப்பீடு, ஹெக்டேர்தான். எதிர்ச்சொற்களைப் பிரிக்க இந்த முறையிடம் தனியாக எந்தத் தகவலும் இல்லை. அதற்குப் பட்டியலை நீங்களே கண்ணால் பார்த்துச் சலிக்க வேண்டும்.