பிறர் பிள்ளையின் முகத்தை மறைத்துவிட்டால் போதுமா?

"மகளின் பிறந்தநாள் படத்தில் அவளுடைய பாலர் பள்ளித் தோழர்கள் ஆறு பேர் இருக்கிறார்கள். முகங்களை மறைத்துவிட்டுப் பகிர்ந்தால் பெற்றோரிடம் கேட்க வேண்டியதில்லைதானே?"

கேட்கத்தான் வேண்டும். பினாங்கில் விசேஷப் படங்களைத் திருத்திக் கொடுப்பது என் தொழில். அப்படியிருந்தும் ஒரு முறை தவறிவிட்டேன்.

அக்காள் மகனின் காதுகுத்துப் படத்தில் பக்கத்து வீட்டுச் சிறுமியும் இருந்தாள். அவள் முகம் வெளியே போகக்கூடாது என்று அவளுடைய அம்மா சொல்லியிருந்தார். கைப்பேசியிலேயே கறுப்பு ஹைலைட்டரால் நாலைந்து முறை தேய்த்து மறைத்து, குடும்பக் குழுவில் போட்டேன். மறுநாள் உறவினர் ஒருவர் அதன் வெளிச்சத்தைக் கூட்டிப் பார்த்திருக்கிறார். கறுப்புக்குள்ளிருந்து கண்களும் நெற்றிப் பொட்டும் எழுந்து வந்தன. ஹைலைட்டர் முழுவதுமாக மறைக்காது. அடியில் இருப்பதை மங்கலாக்கும், அவ்வளவுதான். அந்தத் தாயிடம் போய் மன்னிப்புக் கேட்டேன்.

இப்போது உள்ளே முழுதும் நிறம் நிரப்பிய கட்டத்தைத்தான் முகத்தின் மேல் வைக்கிறேன். பிறகு வெளிச்சத்தையும் நிழற்பகுதியையும் கடைசி வரை கூட்டிப் பார்க்கிறேன். ஏதாவது தெரிந்தால் மறைப்பு போதவில்லை.

இன்னொன்று. ஐபோனில் திருத்திய படத்துக்குப் பின்னால் மூலப்படம் அப்படியே இருக்கும். `All Photos Data` தெரிவை வைத்து ஏர்டிராப்பில் அனுப்பினால், வாங்கியவர் `Revert` அழுத்தி மறைக்காத முகத்தைப் பார்த்துவிடலாம். அதனால் திருத்திய படத்தைத் திரையில் திறந்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அந்த ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் அனுப்புங்கள். எடுத்த இடத்தின் விவரமும் அதோடு போகாது.

இத்தனையும் செய்த பிறகு ஏன் கேட்க வேண்டும்? சீருடையும் பெயர் அட்டையும் பக்கத்தில் நிற்கும் அண்ணனும் போதும், அது யார் பிள்ளை என்று தெரிந்தவர்கள் கண்டுகொள்வார்கள். படம் எடுக்கச் சம்மதித்தவர் அதைப் பகிரவும் சம்மதித்தார் என்று ஆகாது. நான் முடித்த படத்தையே அனுப்பி, "இதைக் குடும்பக் குழுவில் மட்டும் போடலாமா?" என்று கேட்கிறேன். பதில் வராவிட்டால் போடுவதில்லை. ஆறு வயதுப் பிள்ளை "வேண்டாம்" என்றாலும் அப்படித்தான். வாடிக்கையாளர் படங்களுக்கு இது என் விருப்பத்தைப் பொறுத்தது அல்ல. வணிகப் பயன்பாட்டுக்கான 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்காகப் பெற்றோரோ பாதுகாவலரோதான் சம்மதம் தர வேண்டும்.

பிறகு யாராவது அழிக்கச் சொன்னால், மறைத்த படத்தோடு மூலப்படத்தையும் அழியுங்கள். அழித்த படம் ஐபோனின் குப்பைத் தொட்டியில் 30 நாள் வரை கிடக்கும். கூகிள் போட்டோஸில் காப்பெடுத்தது 60 நாள். இரண்டையும் காலி செய்து, பகிர்ந்த ஆல்பத்திலிருந்தும் எடுத்த பிறகே "அழித்துவிட்டேன்" என்று அவர்களிடம் சொல்லுங்கள்.