நான்கு துளைகள், நான்கு புரோசஸ்கள்

வணக்கம் ஐயா,

நான் கணினி அறிவியல் மூன்றாம் ஆண்டு மாணவி. ஆபரேட்டிங் சிஸ்டம் பாடத்தில் ஒரு கணக்கு வந்தது. நினைவகத்தில் முகவரி வரிசைப்படி 200, 450, 300, 500 கேபி அளவில் நான்கு துளைகள் காலியாக இருக்கின்றன. 260, 440, 180, 430 கேபி கேட்டு நான்கு புரோசஸ்கள் இதே வரிசையில் வருகின்றன. பெஸ்ட் ஃபிட்டில் மட்டும்தான் நான்குக்கும் இடம் கிடைத்தது. "ஆகவே பெஸ்ட் ஃபிட்டே சிறந்தது" என்று எழுதினேன், முழு மதிப்பெண்ணும் கிடைத்தது. ஆனால் ஃபர்ஸ்ட் ஃபிட்டும் பெஸ்ட் ஃபிட்டும் ஏறக்குறைய சமம் என்று பாடப்புத்தகம் சொல்கிறது. எதை எடுத்துக்கொள்வது?

மூன்றாம் ஆண்டு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

உங்கள் கணக்கு சரி, புத்தகம் சொல்வதும் சரி. அந்த "ஆகவே" மட்டும் நிற்காது. ஏன் என்பதை உங்கள் எண்களிலேயே பார்க்கலாம். துளைகளை முகவரி வரிசைப்படி A, B, C, D என்று வைத்துக்கொள்வோம்.

முதல் புரோசஸ் 260. முகவரியின் தொடக்கத்திலிருந்து தேடும் ஃபர்ஸ்ட் ஃபிட்டுக்கு A போதாது. B-யைப் பிடித்து 190 மிச்சம் வைக்கிறது. பெஸ்ட் ஃபிட் எல்லாத் துளைகளையும் பார்த்து, போதுமானவற்றில் மிகச் சிறியதான C-யை எடுக்கிறது, மிச்சம் 40. வொர்ஸ்ட் ஃபிட் இருப்பதிலேயே பெரிய D-யை உடைத்து 240 மிச்சம் வைக்கிறது. கணக்கின் முடிவு இந்த முதல் அடியிலேயே எழுதப்பட்டுவிட்டது. உங்கள் வரிசையில் 440, 430 என்று இரண்டு பெரிய புரோசஸ்கள் இருக்கின்றன. அவற்றைத் தாங்கக்கூடிய துளைகள் B, D இரண்டு மட்டுமே. 260 அவற்றில் எதைத் தொட்டாலும் பின்னால் வரும் ஒன்று வெளியே நிற்கும். பெஸ்ட் ஃபிட் மட்டும் இரண்டையும் தொடவில்லை.

அடுத்து வரும் 440, ஃபர்ஸ்ட் ஃபிட்டில் D-க்குப் போகிறது. மற்ற இரண்டிலும் B-க்கு. 180, முதல் இரண்டு முறைகளிலும் A-யில் அடங்குகிறது. வொர்ஸ்ட் ஃபிட்டில் அப்போதைய பெரிய துளையான C-யைப் பிளக்கிறது. நான்காவது வருமுன் காலி இடம் இப்படி இருக்கும்:

```
               A    B    C    D
ஃபர்ஸ்ட் ஃபிட்    20  190  300   60
பெஸ்ட் ஃபிட்     20   10   40  500
வொர்ஸ்ட் ஃபிட்  200   10  120  240
```

ஒவ்வொரு வரியையும் கூட்டிப் பாருங்கள். மூன்றிலும் 570 கேபி. 430 கேட்டு வருகிற புரோசஸுக்கு மூன்று முறைகளிலும் மொத்த இடம் தாராளமாக இருக்கிறது. ஆனால் ஃபர்ஸ்ட் ஃபிட்டின் மிகப் பெரிய துண்டு 300, வொர்ஸ்ட் ஃபிட்டில் 240. புறச் சிதறல் என்பது இதுதான். அதைக் கண்டுகொள்ள இரண்டு எண்கள் போதும்: மொத்தக் காலி இடம், அதிலுள்ள மிகப் பெரிய ஒற்றைத் துண்டு. கேட்ட அளவு இந்த இரண்டுக்கும் நடுவில் விழுந்தால், இடம் இருந்தும் இல்லாத நிலை. விடைத்தாளில் இந்த இரண்டு எண்களையும் எழுதும் பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். நான்கும் அடங்கினால் கடைசியில் 140 கேபி மிஞ்சியாக வேண்டும் என்பதால், கூட்டல் பிழையும் அங்கேயே பிடிபடும்.

இப்போது எண்களைத் தொடாமல் வரிசையை மட்டும் தலைகீழாக்குங்கள்: 430, 180, 440, 260. ஃபர்ஸ்ட் ஃபிட் முறையே B, A, D, C-யில் வைக்கிறது, நான்கும் அடங்கிவிட்டன. பெஸ்ட் ஃபிட்டும் அதே இடங்களில்தான் வைக்கிறது. வொர்ஸ்ட் ஃபிட் மட்டும் 180-ஐக் கொண்டுபோய் B-யில் வைத்து, 440-ஐ வெளியே நிறுத்துகிறது. இன்னும் ஒரு படி மேலே போய், பெரியதிலிருந்து சிறியதாக 440, 430, 260, 180 என்று அனுப்பிப் பாருங்கள். வொர்ஸ்ட் ஃபிட்டும் நான்கையும் ஏற்றிவிடும்! அதே துளைகள், அதே நான்கு புரோசஸ்கள். மாறியது வந்த ஒழுங்கு மட்டுமே.

பெஸ்ட் ஃபிட் தோற்கும் கணக்கு வேண்டுமா? முகவரி வரிசையில் 300, 250 என்று இரண்டே துளைகள். 200, 230, 80 வருகின்றன. ஃபர்ஸ்ட் ஃபிட் 200-ஐ 300-இல் வைத்து 100 மிச்சம் பிடிக்கிறது. 230 அடுத்ததில் அடங்குகிறது. 80 அந்த 100-க்குள் போய்விடுகிறது. பெஸ்ட் ஃபிட் 200-ஐ 250-இல் வைக்கிறது, 230-ஐ 300-இல் வைக்கிறது. கையில் 50, 70. எண்பதுக்கு இடமில்லை. இறுக்கமாக வைப்பதன் விலை இது: மிச்சம் எதற்கும் பயன்படாத துணுக்குகளாகிவிடுகிறது. வொர்ஸ்ட் ஃபிட்டை யோசித்தவர்கள் மிச்சம் பெரிதாக இருக்கட்டும் என்றுதான் யோசித்தார்கள். ஆனால் அது பெரிய துளைகளை முதலில் அழிக்கிறது. பெரிய புரோசஸ் எப்போதாவது வரும் என்றால்கூட அதற்கு ஒன்றும் மிஞ்சியிருக்காது. பின்தங்கியது என்று வொர்ஸ்ட் ஃபிட்டை மட்டும் சொல்வதன் நியாயம் இதில் இருக்கிறது.

கணக்கைத் தொடங்குமுன் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். கொடுத்திருப்பது துளைகளா, நிலையான பகுதிகளா? ஐபிஎம்மின் ஓஎஸ்/360-இல் இரண்டு வகையும் இருந்தன: எம்எஃப்டியில் பகுதிகள் நிலையானவை, எம்விடியில் தேவைக்கேற்ப வெட்டப்பட்டவை. நிலையான பகுதியில் ஒரு புரோசஸ் உட்கார்ந்துவிட்டால் மீதி இடத்தை வேறு யாருக்கும் தர முடியாது. உங்கள் பெஸ்ட் ஃபிட் விடைக்குப் பிறகு 60 கேபி கேட்டு ஐந்தாவது புரோசஸ் வருகிறது என்று வையுங்கள். துளை என்றால் D-யின் மிச்சமான 70-இல் அது அடங்கும். நிலையான பகுதி என்றால் காத்திருக்கத்தான் வேண்டும்.

உங்கள் கணக்கில் இல்லாத, ஆனால் எனக்கு மிக முக்கியமாகப் படுகிற விஷயம் ஒன்று உண்டு. அதில் எந்தப் புரோசஸும் முடிந்து வெளியேறுவதில்லை. நிஜத்தில் இடம் திரும்பி வந்துகொண்டே இருக்கும். பக்கத்துப் பக்கத்துத் துளைகளை ஒன்றாக இணைக்கிறோமா என்பது, எந்த ஃபிட் என்பதைவிடப் பெரிய கேள்வியாகிவிடும். இன்றைய கணினிகளில் புரோசஸ்களுக்குப் பேஜ் எனும் சம அளவுத் துண்டுகளாக இடம் தரப்படுவதால் இந்த முறைகள், ஒரு நிரல் ஓடும்போதே நினைவகம் எடுத்தும் விடுவித்தும் கொள்ளும் ஹீப்புக்குள் குடிபுகுந்துவிட்டன. சிறிய கருவிகளில் ஓடும் ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸின் மூல நிரலைத் திறந்து `heap_2.c`, `heap_4.c` இரண்டையும் அருகருகே வைத்துப் படியுங்கள். முதலாவது பெஸ்ட் ஃபிட். காலித் துண்டுகளை அளவுப்படி அடுக்கி வைக்கிறது, ஆனால் இணைப்பதில்லை. வெவ்வேறு அளவுகளில் எடுத்தும் விடுவித்தும் கொண்டே இருந்தால் ஹீப் துணுக்குகளாகிவிடும். இரண்டாவது ஃபர்ஸ்ட் ஃபிட். பட்டியல் முகவரிப்படி இருப்பதால், ஒரு துண்டை விடுவிக்கும்போது அதன் அண்டைத் துண்டு காலியா என்பது அங்கேயே தெரிந்துவிடுகிறது, உடனே இணைத்துவிடுகிறது. அதனால்தான் புதிய வேலைகளுக்கு `heap_4.c` பரிந்துரைக்கப்படுகிறது.

அடுத்த முறை விடையில் "இந்த வரிசைக்கு பெஸ்ட் ஃபிட் நான்கையும் ஏற்றியது, 260-ஐ C-யில் வைத்து, 440-க்கும் 430-க்கும் B, D இரண்டையும் காப்பாற்றியதே காரணம்" என்று எழுதுங்கள்.