17 வயது மருமகனைப் பெரியவனாக விசாரிப்பார்களா?

"அக்கா 90இல் படகேறி இந்தியா போனவ. இப்ப திருச்சி கொட்டப்பட்டு முகாமில் இருக்கிறா. அவவின்ட கடைசி மகனுக்கு 17 வயது. வட்டிக்காசுச் சண்டையில் ஒருவரைக் கத்தியால் குத்தினதாக வழக்கு. அவர் மூன்றாம் நாள் இறந்திட்டார். தகப்பன் 2 வருசத்துக்கு முதல் இங்க வந்த இடத்தில் காலமானார். அதுக்குப் பிறகு பெடியன் பள்ளிக்கூடம் போகேல்ல. ஏதோ சோதனை வைத்து, பெரியவனாக விசாரிக்கப் போறாங்களாம். திருகோணமலையில் இருந்து நான் என்ன செய்யலாம்?"

அந்தச் சோதனைக்குப் பெயர் முதல்நிலை மதிப்பீடு. இந்தியாவின் 2015ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டம், 15ஆம் பிரிவு. பையனுக்குக் குடியுரிமை இல்லாவிட்டாலும் அது பொருந்தும். குற்றம் நடந்த அன்று 16 வயது நிறைந்திருக்க வேண்டும். குற்றத்துக்குக் குறைந்தபட்சத் தண்டனையே 7 ஆண்டோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். குத்துப்பட்டவர் பிழைத்திருந்தால் இது கொலை முயற்சி வழக்கு. அதற்குச் சட்டம் குறைந்தபட்சத் தண்டனை சொல்லவில்லை, ஆகவே மதிப்பீடே வந்திராது. அவர் இறந்ததும் கொலை வழக்காகி எல்லாம் மாறிவிட்டது.

18 வயதுக்குக் குறைந்தவர்களின் வழக்கைக் கையாளும் இளைஞர் நீதிக் குழுமம் இந்த மதிப்பீட்டில் பார்ப்பது மூன்று விஷயம்: அதைச் செய்ய உடலாலும் மனதாலும் இவனுக்கு இயலுமா, விளைவு விளங்கும் பக்குவம் இருந்ததா, எந்தச் சூழலில் நடந்தது. குத்தினது இவன்தானா என்பதை அங்கே தீர்மானிப்பதில்லை. ஆகவே 'இப்படிச் சொல்லு, அப்படிச் சொல்லு' என்று பையனுக்குப் பாடம் எடுக்க வேண்டாம் என்று அக்காவிடம் சொல்லுங்கள்.

சறுக்கல் பெரும்பாலும் இரண்டாவது விஷயத்தில்தான். உளவியலாளர் சிறிது நேரம் பேசி, 'நுண்ணறிவு சராசரி, சரி தவறு தெரிகிறது' என்று இரண்டு வரி எழுதிக் கொடுத்துவிடுவார். அது போதாது. குத்தினால் ஆள் சாகலாம் என்று தெரிவது ஒன்று. அந்தக் குடும்பத்துக்கும் தன் குடும்பத்துக்கும் தன் வருங்காலத்துக்கும் என்ன ஆகும் என்று எண்ணிப் பார்ப்பது வேறு. ஒரு பள்ளிக்கூடக் கொலை வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் 2022இல் இதைச் சொல்லி, மதிப்பீட்டைத் திரும்பச் செய்ய வேண்டும் என்ற உத்தரவை உறுதி செய்தது. குழுமத்தில் குழந்தை உளவியல் அல்லது மனநல மருத்துவம் படித்தவர் இல்லையென்றால் நிபுணர் உதவி கட்டாயம் என்றதும் அதே தீர்ப்புத்தான். அறிக்கைகளின் பிரதியைக் கேட்டு வாங்கி, ஆறுதலாகப் படிக்க அவகாசமும் கேட்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது விஷயமான சூழலில்தான் உங்களுக்கு வேலை. தகப்பனின் இறப்புச் சான்றிதழை இங்கே எடுத்து அனுப்புங்கள். பள்ளிக்கூடம் விட்ட திகதியை அக்கா அங்கே எழுதி வாங்கட்டும். கடன் யாருடையது, அன்று பையனைக் கூட்டிக்கொண்டு போன பெரிய ஆள் யார், கத்தி யாருடையது என்பதெல்லாம் நன்னடத்தை அலுவலரின் சமூக விசாரணை அறிக்கையில் ஏற வேண்டும். அவர் முகாமுக்கு வரும்போது அக்கா பயந்துபோய் 'ஒன்றும் தெரியாது' என்று சொன்னால், அறிக்கையிலும் ஒன்றும் இராது.

உத்தரவு பாதகமாக வந்தால் 30 நாளுக்குள் அமர்வு நீதிமன்றத்தில் மேன்முறையீடு செய்யலாம். அங்கே வேறு நிபுணரைக் கேட்கலாம். அதுவும் தோற்றாலும், பெரியவனாக விசாரிக்கத்தான் வேண்டுமா என்று, வழக்கு அடுத்துப் போகும் குழந்தைகள் நீதிமன்றம் தானாக ஒருமுறை பார்த்தாக வேண்டும். எப்படி முடிந்தாலும் தூக்குத் தண்டனை கிடையாது. விடுதலைக்கே வழியில்லாத ஆயுள் தண்டனையும் கிடையாது.