பஸ்ஸுக்கு நின்றவர் பெயர் கலவர வழக்கில் வந்தால்…

கேள்வி: வணக்கம் சார், எனக்கு 22 வயது. வேலை முடிந்து பேருந்து நிலையத்தில் நின்றபோது அங்கே சாலை மறியல் நடந்தது. யாரோ கல்லெறிய, போலீஸ் விரட்டியது. எல்லோரும் ஓட, நானும் ஓடினேன். பிடித்துக் கல்யாண மண்டபத்தில் வைத்து, கையெழுத்து வாங்கி இரவில் விட்டார்கள். இப்போது பிரிவு 189(2), 191(2)-இல் போட்ட எஃப்.ஐ.ஆரில் 17-வது பெயர் என்னுடையது. 'அன்று ஊரிலேயே இல்லை என்று சொல்லிவிடு' என்கிறார் மாமா. காவலர் தேர்வுக்குப் படிக்கிறேன். என்ன செய்வது?

பதில்: தம்பி, முதலில் மாமாவின் யோசனையை விட்டுவிடுங்கள். அங்கே இருந்தீர்கள் என்பதற்கு மண்டபத்தில் நீங்கள் போட்ட கையெழுத்தே போதும். பேருந்து நிலைய கேமராவும் செல்போன் டவரும் வேறு இருக்கின்றன. ஊரில் இல்லை என்று ஒரு பொய்யைச் சொல்லி அது உடைந்தால், அடுத்து நீங்கள் சொல்லும் உண்மையையும் நீதிபதி நம்ப மாட்டார். உங்களைக் காப்பாற்றக்கூடிய வாதம் வேறு: 'அங்கே இருந்தேன், ஆனால் அந்தக் கூட்டத்தில் ஒருவனாக இல்லை.'

சட்டமும் இதைத்தான் கேட்கிறது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 189-வது பிரிவுப்படி, ஐந்து பேருக்குக் குறையாமல் கூடி, அந்தப் பிரிவு சொல்லும் சட்டவிரோத நோக்கம் ஒன்று அவர்களுக்குப் பொதுவாக இருந்தால்தான் அது சட்டவிரோதக் கூட்டம். அந்த நோக்கத்துக்காக அதில் ஒருவர் வன்முறையில் இறங்கினால், உறுப்பினர் எல்லோர் மீதும் 191-இன் கீழ் கலவரக் குற்றம் வரும். 189(2)-க்கு ஆறு மாதம் வரை, 191(2)-க்கு இரண்டு ஆண்டு வரை சிறை. இரண்டுமே ஜாமீனில் விடக்கூடியவை. பொதுச்சொத்து சேதச் சட்டத்தையோ, அரசு ஊழியரைத் தாக்கியதற்கான 132-வது பிரிவையோ பிறகு சேர்த்தால் ஜாமீன் அவ்வளவு எளிதல்ல. அதனால் எஃப்.ஐ.ஆர் நகலோடு நிறுத்தாமல், பிரிவுகள் மாற்றப்பட்டனவா என்று உங்கள் வழக்கறிஞரை அவ்வப்போது பார்க்கச் சொல்லுங்கள்.

2002 குஜராத் கலவரத்தில் வடோத் கிராமத்து வழக்கு ஒன்று உங்களுக்கு நெருக்கமானது. விசாரணை நீதிமன்றம் எல்லோரையும் விடுதலை செய்தது. உயர் நீதிமன்றம் அவர்களில் ஆறு பேரைத் தண்டித்தது. 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்த ஆறு பேரையும் விடுவித்தது. அவர்கள் அதே ஊர்க்காரர்கள், எனவே அங்கே இருந்தது இயல்பு. சம்பவ இடத்தில் பிடிபட்டது மட்டுமே உறுப்பினர் என்பதற்குச் சான்றாகாது, வேடிக்கை பார்த்தவர் தண்டனைக்கு ஆளாகாமல் நீதிமன்றங்கள் கவனமாக இருக்க வேண்டும் என்றது தீர்ப்பு. பேருந்து நிலையத்தில் பயணி நிற்பதும் அதே போல இயல்புதான். ஆனால் இதே கூட்டத்தில் ஒரு கோஷம் போட்டீர்கள், கொடி பிடித்தீர்கள், கல்லைக் கையில் எடுத்தீர்கள் என்று வீடியோவோ நம்பத்தக்க சாட்சியோ இருந்தால் இந்தத் தீர்ப்பு உங்களுக்கு உதவாது. ஓடியது மட்டும் குற்றமல்ல, லத்தி வந்தால் யாரும் ஓடுவார்கள்.

இன்றே செய்ய வேண்டியது சான்று சேகரிப்பு. கேமராப் பதிவுகள் சில நாள்களிலோ வாரங்களிலோ தானாக அழிந்துவிடும். எதிரே இருக்கும் கடைகளிடமும் பேருந்து நிலைய நிர்வாகத்திடமும், அந்த நேரத்துப் பதிவைப் பாதுகாத்து வைக்கும்படி ஸ்பீடு போஸ்ட்டில் கேளுங்கள். அதே கோரிக்கையை விசாரணை அதிகாரிக்கும் எஸ்.பி.க்கும் அனுப்பி, சேர்ந்ததற்கான ஒப்புகையை வைத்துக்கொள்ளுங்கள். அன்று வேலைக்கு வந்து எத்தனை மணிக்குக் கிளம்பினீர்கள் என்ற வருகைப்பதிவு, முதலாளியின் கடிதம், அந்த நேரத்தில் ஜிபேயில் டீக்கடைக்குக் கட்டிய பணம், தினமும் அதே பஸ்ஸில் போவதற்கான பாஸ் எல்லாம் நீங்கள் சொல்வதை உறுதிப்படுத்தும். இவற்றை இணைத்து, குற்றப்பத்திரிகை தாக்கலாகும் முன்பே உங்கள் பெயரை நீக்கக் கோரி விசாரணை அதிகாரிக்கு மனுக் கொடுங்கள். என் அனுபவத்தில் இந்தக் கட்டத்தில் பெயர் விடுபடுவதுதான் செலவு குறைந்த வழி. பலரும் தாமதமாகத்தான் வருகிறார்கள்.

அது நடக்காவிட்டால், குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்-இன் 528-வது பிரிவின் கீழ் உயர் நீதிமன்றத்தில் வழக்கை ரத்து செய்யக் கேட்கலாம். அமைதியான போராட்டம் என்றால் ரத்தாவது சுலபம், கல்லெறிந்ததாக எஃப்.ஐ.ஆர் சொன்னால், விசாரணையில் பார்த்துக்கொள் என்று அனுப்பிவிடவும் கூடும்.

காவலர் வேலைக்கு இது முக்கியம். தமிழ்நாட்டுக் காவல்துறை விதி 14(b)-யின்படி, சந்தேகத்தின் பலனில் விடுதலையானாலும், புகார்தாரர் பிறழ்சாட்சியாக மாறியதால் விடுதலையானாலும், குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவர் என்றே கருதுவார்கள். ஆகவே 'எப்படியாவது விடுதலை' உங்களுக்குப் போதாது. பெயர் நீக்கம், ரத்து, அல்லது குற்றச்சாட்டே பொய் என்று சொல்லும் தீர்ப்பு வேண்டும். அதுவரை விண்ணப்பத்தில் வழக்கு உண்டா என்று கேட்டால் உண்டு என்றே எழுதுங்கள். மறைத்தது தெரிந்தால், அதுவே உங்களை நிராகரிக்கத் தனிக் காரணமாகிவிடும்.